குடும்பக் குழு: வியாழன் 11 மணி இன்டர்வியூ

சுதா (கும்பகோணம்), வெள்ளி காலை 8.10
எல்லோருக்கும் வணக்கம். சென்னை கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போட்டிருந்தேனே, இன்டர்வியூ வைத்துவிட்டார்கள். அடுத்த வியாழன், 20-ஆம் தேதி காலை 11 மணி. அன்றைக்குத்தான் ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போடக் கடைசி நாள். ஆடிட்டர் ஆபீஸில் என் பொறுப்பில் உள்ள பார்ட்டிகளில் பாதிப் பேர் அன்று காலையில்தான் பணமே கட்டுவார்கள். சீட்டை விட்டு எழுந்திருக்க முடியாது. தேதி மாற்றக் கேட்டால் எனக்கு இந்த வேலையில் அக்கறை இல்லை என்று நினைத்துவிடுவார்களோ?

அத்தை (மன்னார்குடி)
ரொம்ப சந்தோஷம்மா. புதன் ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னை. மாமாவை டிக்கெட் போடச் சொல்லட்டுமா?

சுதா
நேரில் இல்லை அத்தை. வீடியோவில்தான், வீட்டிலிருந்தே பேசலாம்.

பெரியப்பா (திருவாரூர்)
கேட்காதேம்மா. நான் சர்வீஸ் கமிஷன் இன்டர்வியூவுக்குப் போன காலத்தில் கொடுத்த தேதி கொடுத்ததுதான். அன்றைக்குப் போகவில்லையென்றால் ஆளே கணக்கில் இல்லை. ஒரு நாள் லீவு போட்டுவிடு.

கார்த்தி (பெங்களூர்)
பெரியப்பா, அது அரசாங்கம். தனியார் கம்பெனியில் இது தினமும் நடக்கிற விஷயம். சுதா, காய்ச்சல் என்று ஒரு வரி போடு, யாரும் தோண்டிக் கேட்க மாட்டார்கள். கேலண்டர் அழைப்பு வந்திருக்குமே, அதில் `No` அழுத்து. அவர்களே வேறு நேரம் தருவார்கள்.

செந்தில் சித்தப்பா (சென்னை)
`No` அழுத்தாதே சுதா. இப்போதுதான் பார்த்தேன். ஆள் எடுக்கிற பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் சொல்கிறேன். அதை அழுத்தினால் 'இவர் வரவில்லை' என்று மட்டும்தான் அந்தப் பக்கம் தெரியும். விலகிவிட்டாயா, தேதி மாற்றப் பார்க்கிறாயா என்று அவர்களுக்குப் புரியாது. அழைப்பு எப்போது வந்தது?

சுதா
நேற்று சாயங்காலம் சித்தப்பா. இன்னும் எதுவும் அழுத்தவில்லை.

செந்தில் சித்தப்பா
நல்லது. அப்படியென்றால் இன்று காலையிலேயே கேட்டுவிடு. ஆறு நாள் முன்னால் கேட்டால் வேலையை ஒழுங்காகத் திட்டமிடுகிறவள் என்று தெரியும். அதையே புதன் ராத்திரி கேட்டால் வேறு இடத்தில் ஆஃபர் வந்துவிட்டது, இவள் நழுவுகிறாள் என்றுதான் முதலில் தோன்றும்.

கார்த்தி, காய்ச்சல் வேண்டாம்டா. அடுத்த வியாழன் காய்ச்சல் வரப்போவது இந்த வெள்ளிக்கிழமை எப்படித் தெரியும்? அப்புறம் காய்ச்சல் என்று சொன்னவள் அதற்கு முந்தின நாளில் வருகிறேன் என்று சொல்ல முடியாது. அவளுக்கு இருக்கிற நல்ல வழியே அதுதான்.

கார்த்தி
முந்தின நாளா? எல்லோரும் தள்ளித்தானே கேட்பார்கள்?

செந்தில் சித்தப்பா
அதனால்தான் சொல்கிறேன். மாற்று நேரம் கொடுக்கும்போது அதில் ஒன்றாவது அவர்கள் வைத்த தேதிக்கு முன்னால் இருக்கட்டும். தட்டிக்கழிக்க நினைக்கிறவர் யாரும் தேதியை முன்னால் இழுக்க மாட்டார். 'எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு' என்று நாலு வரி எழுதுவதைவிட '18-ஆம் தேதி காலையிலேயே வரத் தயார்' என்ற வரி அதிகம் சொல்லும்.

இன்னொன்று. ரெக்ரூட்டர் அந்த 11 மணியை வைக்க ஃபைனான்ஸ் மேனேஜர், டீம் லீட் என்று குறைந்தது இரண்டு பேருடைய கேலண்டரில் காலி இடம் தேடியிருப்பார். 'வேறு நாள் கிடைக்குமா' என்று மொட்டையாகக் கேட்டால் அந்தத் தேடலை முதலிலிருந்து மறுபடி செய்யவேண்டும். நீயே இரண்டு மூன்று நேரம் கொடுத்தால் அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். எந்த நேரம் உனக்கு முடியும்?

சுதா
18 செவ்வாய் காலை 9 முதல் 10 வரை, ஆபீஸ் போவதற்கு முன். அன்றே சாயங்காலம் 6.30-க்குப் பிறகு. 21 வெள்ளி முழு நாளும் முடியும், 3பி முடிந்துவிடும்.

காரணம் என்ன எழுதுவது? 'சொந்தக் காரணம்' என்று போட்டால் போதுமா?

செந்தில் சித்தப்பா
உன் விஷயத்தில் உண்மையே நல்ல காரணம். கேட்பது அக்கவுண்ட்ஸ் வேலை. தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் லேட் ஃபீ, கட்டாத வரிக்கு 18 சதவீத வட்டி என்பது அந்த ஃபைனான்ஸ் மேனேஜருக்குத் தெரியாதா? அன்றைக்கு அவரும் அதே வேலையில்தான் இருப்பார். ரெக்ரூட்டர் அதைப் பார்க்காமல் தேதி வைத்திருக்கலாம். பார்ட்டி பெயர், ஆபீஸ் கதை எதுவும் வேண்டாம். ஒரு வாக்கியம் போதும்.

கார்த்தி
அப்படியென்றால் மெயில் எதற்கு? போன் போட்டுச் சொன்னால் இரண்டு நிமிடம்.

செந்தில் சித்தப்பா
போன் போடட்டும், அது சரிதான். ஆனால் போனில் சொன்னது ரெக்ரூட்டர் காதோடு நின்றுவிடும். மெயில் இருந்தால் அதை அப்படியே மேனேஜருக்குத் தள்ளிவிடுவார். அதனால் முதலில் மெயில், 11 மணிக்கு மேல் ஒரு போன். புது மெயில் வேண்டாம், அழைப்பு வந்த அதே மெயிலுக்குப் பதில் போடு. தமிழில் எழுதுகிறேன், நீ இங்கிலீஷில் மாற்றிக்கொள்:

'இன்டர்வியூவுக்கு அழைத்ததற்கு நன்றி. இந்த வேலையைப் பற்றி உங்கள் குழுவிடம் பேச ஆவலாக இருக்கிறேன். 20-ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசி நாள். என் பொறுப்பில் உள்ள கணக்குகளை அன்று நான் முடிக்கவேண்டும். 18 செவ்வாய் காலை 9 முதல் 10 வரை, அன்றே மாலை 6.30-க்கு மேல், அல்லது 21 வெள்ளி எந்த நேரமும் வர முடியும். இவற்றில் எதுவும் குழுவுக்கு ஒத்துவராவிட்டால் தெரிவியுங்கள், 20-ஆம் தேதியிலேயே வேறு நேரம் பார்க்கிறேன்.'

மன்னிப்பு நாலு இடத்தில் வேண்டாம். ஒருமுறைகூடத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

பெரியப்பா
ஒரு 'சிரமத்துக்கு மன்னிக்கவும்' இருக்கட்டுமே செந்தில். மரியாதைதானே.

செந்தில் சித்தப்பா
ஒன்று இருக்கட்டும் அண்ணே, கடைசியில்.

அத்தை
சுதா, 21 வெள்ளி உங்கள் தெருவில் கரண்ட் இருக்காதே? மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் உங்கள் பக்கத்துப் பெயர் பார்த்தேன். காலை 9 முதல் சாயங்காலம் 5 வரை.

சுதா
ஐயோ அத்தை, நான் கவனிக்கவே இல்லை. மோடம் நின்றுவிடும், போன் டவரும் அன்றைக்குச் சரியாக எடுக்காது.

செந்தில் சித்தப்பா
நல்லவேளை. தேதி மாற்றிக் கேட்டு வாங்கிய நாளில் நடுவே துண்டித்தால் இரண்டாம் முறை கேட்க வேண்டிவரும். ஒருமுறை மாற்றுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டாம் முறை என்றால் அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். வெள்ளி வேண்டுமென்றால் இடம் மாற்று.

அத்தை
இங்கே வந்துவிடு. பிராட்பேண்ட் இருக்கிறது. எங்கள் பக்கம் அன்றைக்குக் கரண்ட் உண்டா என்று லைன்மேனிடம் கேட்டுச் சொல்கிறேன்.

சுதா, காலை 11.40
மெயில் போட்டேன், போனும் பேசினேன். நன்றாகவே பேசினார். செவ்வாய் காலை டீம் லீட் இல்லையாம். செவ்வாய் மாலையா, வெள்ளி மதியமா என்று கேட்டுச் சொல்கிறாராம். இப்போது அந்த 20-ஆம் தேதி அழைப்பை என்ன செய்வது?

செந்தில் சித்தப்பா
அப்படியே விடு. புது அழைப்பு கைக்கு வரும்வரை பழையது உன் இடம். விரும்பினால் அதிலேயே `Propose a new time` என்று இருக்கும், அதில் செவ்வாய் 6.30 போடலாம். மெயில் போய்விட்டதால் அவசியம் இல்லை. திங்கள் மதியம்வரை பதில் இல்லையென்றால் ஒரு போன்.

சுதா
எதுவும் ஒத்துவராமல் 20-தான் என்று சொல்லிவிட்டால்?

செந்தில் சித்தப்பா
காலை 8.30 கேள். பணம் கட்டுகிறவர்கள் வர ஆரம்பிக்கும் முன் முடிந்துவிடும்.

கார்த்தி
அதற்குப் பதில் ஆடிட்டரிடமே ஒரு மணி நேரம் கேட்டுவிடலாமே?

சுதா
எதற்கு என்று கேட்பாரே அண்ணா. வேறு வேலை பார்ப்பது இங்கே இன்னும் யாருக்கும் தெரியாது. அதை மட்டும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

பெரியப்பா
திங்கள் பதில் வரட்டும். வந்ததும் இங்கே போடு.