பில் அடிக்கிறது, பூட்டுதான் இல்லையாம்

கல்லாப்பெட்டி
மதர்போர்டு போனதால் புதுசு போட்டேன். பாரலல் போர்ட் இல்லை, பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு செருகினேன். LPT3 என்று வந்தது, LPT1 ஆக மாற்றினேன். டாட் மேட்ரிக்ஸில் டெஸ்ட் பேஜ் அழகாக வந்தது. பில்லிங் சாஃப்ட்வேரைத் திறந்தால் ஹார்டுவேர் பூட்டு இல்லை என்று சொல்லி மூடிக்கொள்கிறது. பூட்டோ பிரிண்டர் கேபிளுக்கும் போர்ட்டுக்கும் நடுவில் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு பழைய மெஷினில் அதே பூட்டு வேலை செய்கிறது.

ரிப்பன்மை
கார்டே வேண்டாம். யுஎஸ்பி டு பாரலல் கேபிள் வாங்கி, பிரிண்டரை ஷேர் செய்து இதைக் கொடுங்கள். எனக்கு டாஸ் பில் ஜம்மென்று வருகிறது.

```
net use LPT1 \\localhost\BILL /persistent:yes
```

பழைய_சோல்டர்
பில் வரும் சார், பூட்டு வராது. அந்தக் கேபிள் பிரிண்டருக்கு மட்டும்தான், அதில் போர்ட்டே கிடையாது.

கல்லாப்பெட்டி, டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் ரிசோர்சஸ் பக்கத்தைப் பாருங்கள். D010 மாதிரி ஏதாவது இருக்கும். நீங்கள் மாற்றியது பெயரை மட்டும். விண்டோஸ் வழியாகப் போகிற பிரிண்டருக்கு அது போதும். பழைய பூட்டு பெயரைப் பார்க்காது, 378, 278, 3BC என்ற முகவரிகளில்தான் தேடும். கார்டை 378-க்கு இழுக்கவும் முடியாது. அதற்கு மேலே உள்ள பிரிட்ஜ் முகவரிகளை 4 கேபி கட்டாகத்தான் அனுப்பும். 378-ஐ அனுப்பினால் 0 முதல் FFF வரை எல்லாமே அந்தப் பக்கம் போய்விடும்.

சில பூட்டு டிரைவர்களின் செட்டப்பில் முகவரியைக் கையால் எழுத இடம் உண்டு, அதைத் தேடுங்கள். இல்லையென்றால் போர்டில் LPT என்று எழுதிய 26 பின் வரிசை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பயாஸில் ஆன் செய்து பிராக்கெட் மாட்டினால் அசல் 378 கிடைக்கும்.

தராசு
எனக்கு சீரியலில் இதே கதை. கார்டு போட்டேன், COM1 வந்தது, கஸ்டமர் டிஸ்ப்ளே மட்டும் இருட்டு. அது 9-வது பின்னில் வரும் 5 வோல்ட்டில் ஓடுகிற டிஸ்ப்ளே. கார்டில் குட்டி ஜம்பர் இருந்தது, மாற்றினதும் எரிந்தது. 12 வோல்ட் பக்கம் போட்டுவிடாதீர்கள், டிஸ்ப்ளே புகைந்துவிடும். சில கார்டுக்கு எஸ்எம்பிஎஸ் ஒயரும் தனியாகச் செருக வேண்டும். ஜம்பரைத் தொடுமுன் மெஷினை அணைத்து மெயின் ஒயரைப் பிடுங்குங்கள். அப்புறம் மெஷினை ஆன் செய்து, மீட்டர் வைத்து 5-வது பின்னுக்கும் 9-வது பின்னுக்கும் நடுவே அளந்த பிறகே டிஸ்ப்ளேயை மாட்டுங்கள்.

பழைய_சோல்டர்
இது வேறு கதை சார், அவர் கேட்டது பூட்டு.

ரிப்பன்மை
எனக்குப் பூட்டு இல்லாத சாஃப்ட்வேர், அதனால் தெரியவில்லை. ஆனால் பில்லுக்கு மட்டும் என்றால் என் வழிதான் சுலபம், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கல்லாப்பெட்டி
ரிசோர்சஸில் E010 என்று இருக்கிறது. டிரைவரில் முகவரி எழுதும் இடம் கிடைத்தது, கொடுத்தேன். சாஃப்ட்வேர் திறக்கிறது, ஆனால் பிரிண்டரை ஆஃப் செய்தால் மறுபடி பூட்டு இல்லை என்கிறது. போர்டில் 26 பின்னும் இல்லை. பிரிண்டரை நாள் முழுக்க ஆனிலேயே வைத்திருக்கிறேன்.