சர்க்கரைப் பொங்கலில் பச்சைக் கர்ப்பூரம்: எவ்வளவு போடலாம்?

டர்பன் அக்காமார், அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். புரட்டாசி சனிக்கிழமைக்கு 1 கிலோ அரிசியில் சர்க்கரைப் பொங்கல் வைக்கப் போகிறேன். என் மூன்று வயதுப் பேரனும் சாப்பிடுவான், அதனால்தான் கேட்கிறேன்.

குறிப்பில் 'ஒரு சிட்டிகை' என்று இருக்கிறது. சிட்டிகை ஆளுக்கு ஆள் மாறும். 200 மில்லிகிராம்கூட வந்துவிடலாம். கர்ப்பூரம் கூடினால் வலிப்பே வரும், அதுவும் சில நிமிடங்களிலேயே. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு சொல்லும் உச்ச வரம்பு, ஒரு நாளில் உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம். பேரன் 14 கிலோ, அப்படியென்றால் 28 மில்லிகிராம்.

அரிசி மணி அளவு கர்ப்பூரம் சுமார் 20 மில்லிகிராம் இருக்கும். 40 கிண்ணத்துக்குப் பங்கிட்டால் ஆளுக்கு அரை மில்லிகிராம்தான். சிட்டிகை போட்டாலும் சீராகக் கலந்தால் 5 மில்லிகிராம். ஆனால் கட்டியாக ஒரே கிண்ணத்தில் விழுந்தால்? அந்தப் பயம்தான் எனக்கு. அதனால் அரிசி மணி அளவே எடுத்து, சர்க்கரையோடு நுணுக்கி, வெதுவெதுப்பான நெய்யில் கரைத்து, அடுப்பை அணைத்தபின் ஊற்றலாம் என்றிருக்கிறேன்.

கோயிலில் பெரிய அண்டாவில் சமைப்பவர்கள் எந்த அளவு போடுகிறீர்கள்? கடையில் வாங்கிய டப்பாவில் 'உணவுக்கு' என்று எழுதவில்லை. ஆரத்திக் கர்ப்பூரம் சாப்பிடவே கூடாது என்பது தெரியும், இது எந்த வகையோ? உணவுக்கென்று அச்சிட்ட டப்பா இங்கே எங்கே கிடைக்கும்? பார்மசி வேலையில் இருப்பவர்கள் என் கணக்கையும் பார்த்துச் சொல்லுங்கள்.