கந்தகம் போட்டு 12 வாரமாகியும் பி.எச். இறங்கவில்லை: கணக்கு தவறா, காலம் போதவில்லையா?

கொள்ளிடக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருவையாற்றுக்குக் கிழக்கே, கொள்ளிடத்தின் தென்கரையில் எங்களுக்கு ஒரு மா, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, மேட்டு நிலம் இருக்கிறது. களி கலந்த வண்டல் மண். அதில் எலுமிச்சை வைக்கலாம் என்று மண்ணைப் பரிசோதித்ததில் பி.எச். 8.6 என்றும், உப்பின் அளவைக் காட்டும் ஈ.சி. 0.4 என்றும் வந்தது. சோதனைக்காக முன்பே வைத்த நான்கு கன்றுகளில் இளம் இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது.

8.5-லிருந்து 6.5-க்கு இறக்க, நடுத்தர மண்ணுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 1,130 கிலோ கந்தகம் வேண்டும் என்று ஓர் அட்டவணையில் படித்தேன். எங்கள் ஒரு மாவுக்கு அது 375 கிலோ ஆகிறது. ஒரேயடியாகப் போடப் பயந்து, மூன்றில் ஒரு பங்காக 125 கிலோவை (90 சதவீதக் குருணை) தை மாதக் கடைசியில் தூவி, ரோட்டவேட்டர் ஓட்டினேன். மூன்று முறை போர் தண்ணீர் பாய்ச்சினேன். இப்போது சித்திரை நடுவில் மறுபடியும் சோதித்தால் பி.எச். 8.5 என்கிறார்கள். நான் கணக்கில் தவறினேனா, அல்லது இன்னும் பொறுத்திருக்க வேண்டுமா? மீதி 250 கிலோவை வாங்குவதற்கு முன்பு தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

வெண்ணாற்று வயல் எழுதியது:

நண்பரே, 8.6 என்றால் அது களர் மண். களருக்கு மருந்து ஜிப்சம்தான், கந்தகத்தில் பணத்தைக் கரைக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் ஜிப்சம் போட்டுத் தண்ணீர் கட்டி வடித்தபிறகு மண் பொலபொலவென்று ஆகிவிட்டது. ஏக்கருக்கு ஒரு டன் போடுங்கள், அடுத்த போகத்திலேயே தெரியும்.

சம்பாக்காரர் எழுதியது:

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு சம்பாவுக்குச் சேறு அடிக்கும்போதே கந்தகத்தைப் போட்டேன். நட்ட ஒரு மாதத்தில் பயிர் தேங்கிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. ஆகவே நெல்லுக்குக் கந்தகம் போட வேண்டாம் என்பதே என் கருத்து. இதற்கு என்ன பரிகாரம் என்று யாராவது சொன்னால் நல்லது.

மண்வாசகர் எழுதியது:

கொள்ளிடக்கரை ஐயா, அட்டவணையிலிருந்து நீங்கள் செய்த வகுத்தல் சரியே. ஆனால் அந்த அட்டவணை, சுண்ணாம்பு கலவாத மண்ணுக்காகப் போடப்பட்டது. நம் டெல்டாவின் வண்டலில் பல இடங்களில் சுண்ணாம்புத் துகள் மண்ணோடு கலந்தே கிடக்கிறது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் கந்தகத்தைக் கந்தக அமிலமாக மாற்றும்போது, அந்த அமிலம் முதலில் இந்தச் சுண்ணாம்பைத்தான் கரைக்கும். சுண்ணாம்பு தீரும் வரையில் பி.எச். 8-க்கு அருகிலேயே நிற்கும். தீர்ந்த பிறகுதான் அட்டவணையின் கணக்கே தொடங்கும்.

எனவே மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, தண்ணீர் ஓடிய வாய்க்கால் ஓரத்திலும், காய்ந்து கிடந்த மேட்டிலும் ஒரு சாண் ஆழம் தோண்டி, மஞ்சள் குருணை இன்னும் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். குருணை அப்படியே கிடந்தால் குறை காலத்தில். குருணை மறைந்தும் பி.எச். அசையவில்லை என்றால் குறை சுண்ணாம்பில். இரண்டாவது, அதே இரண்டு இடத்து மண்ணுக்கும் ஈ.சி. பார்க்கச் சொல்லுங்கள். கந்தகம் அமிலமாகிச் சுண்ணாம்பைக் கரைத்திருந்தால் அங்கே ஜிப்சம் உண்டாகியிருக்கும், அதனால் ஈ.சி. ஏறியிருக்கும். பி.எச். காட்டாத மாற்றத்தை ஈ.சி. காட்டிக்கொடுக்கும். மூன்றாவது, ‘சுண்ணாம்பு உண்டு’ என்று மட்டும் எழுதித் தராமல், எத்தனை சதவீதம் என்று அளந்து தரும்படி கேளுங்கள். கூடவே மண் துகளில் ஒட்டியிருக்கும் பரிமாற்றச் சோடியத்தையும், போர் தண்ணீரில் மிஞ்சி நிற்கும் சோடியம் கார்பனேட்டைக் காட்டும் ஆர்.எஸ்.சி. அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். தஞ்சை காட்டுத்தோட்டத்தில் உள்ள மண் மற்றும் நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள்.

வெண்ணாற்று வயல் அவர்கள் சொன்னதில் பாதி சரி. சுண்ணாம்பு மட்டும் காரணமாக இருக்கும் மண் பெரும்பாலும் 8.4-க்கு மேல் ஏறாது. 8.6 என்றால் சோடியத்தின் கையும் இருக்கலாம் என்று சந்தேகிக்கத்தான் வேண்டும். ஆனால் சோடியம் இல்லாத சுண்ணாம்பு மண்ணில் ஜிப்சம் பி.எச்.சை இறக்காது, ஏனென்றால் அது அமிலம் அல்ல. அளந்து பார்க்காமல் ஒரு டன் என்று சொல்வது, நாடி பிடிக்காமல் மருந்து கொடுப்பதைப் போன்றது.

சம்பாக்காரர் ஐயா, உங்கள் வயலின் கதை வேறு. கந்தகத்தை அமிலமாக்கும் நுண்ணுயிர்க்குக் காற்று வேண்டும். நீர் கட்டிய சேற்றில் அதற்கு வேலை நடக்காது. அங்கே உள்ள சல்பேட்டை வேறு நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. நீங்கள் முகர்ந்த நாற்றம் அதுதான். மண்ணில் இரும்பு குறைவாக இருந்தால் வேர் மேலும் பாதிக்கப்படும். தண்ணீரை வடித்து, மண் மயிர்க்கோடு விடும் வரை காயவிட்டுப் பிறகு கட்டுவதுதான் உடனடி வழி. நெல்லுக்காகப் பி.எச்.சை இறக்கவும் தேவையில்லை. கார மண் நீரில் மூழ்கிய சில வாரங்களில் தானாகவே 7-ஐ நோக்கி இறங்கிவிடும். வடித்துக் காய்ந்ததும் பழையபடி ஏறிவிடும்.

கொள்ளிடக்கரை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. பதினைந்து நாள் கழித்து முடிவுகளோடு வருகிறேன். வாய்க்கால் ஓரத்தில் குருணை ஒன்றுகூட இல்லை, அங்கே ஈ.சி. 1.1, பி.எச். 8.4. மேட்டில் குருணை கையில் உருட்டும்படி முழுதாக இருக்கிறது, அங்கே ஈ.சி. 0.5, பி.எச். 8.6. சுண்ணாம்பு 1.5 சதவீதம், பரிமாற்றச் சோடியம் 9 சதவீதம், போர் தண்ணீரின் ஆர்.எஸ்.சி. லிட்டருக்கு 4 மில்லி ஈக்குவலன்ட் என்று எழுதியிருக்கிறார்கள். இதை வைத்துக் கணக்கை எப்படிப் போடுவது?

மண்வாசகர் எழுதியது:

உங்கள் இரண்டு சந்தேகமும் சரியாகவே இருந்திருக்கின்றன. மேட்டில் ஈரம் போதாமல் காலம் வீணாகிவிட்டது. வாய்க்கால் ஓரத்தில் கந்தகம் வேலை செய்தும் சுண்ணாம்பு அதை விழுங்கிவிட்டது.

கணக்கு இதுதான். ஒரு மா நிலத்தில் 15 செ.மீ. ஆழத்து மண் ஏறக்குறைய 3 லட்சம் கிலோ இருக்கும். அதில் 1.5 சதவீதம் என்றால் சுண்ணாம்பு 4,500 கிலோ. 32 கிராம் கந்தகம் தரும் அமிலம் 100 கிராம் சுண்ணாம்பைக் கரைக்கும் என்பதால், ஒரு கிலோ கந்தகத்துக்கு 3.125 கிலோ சுண்ணாம்பு. 4,500-ஐ அதனால் வகுத்தால் 1,440 கிலோ. 90 சதவீதக் குருணையாக வாங்கினால் 1,600 கிலோ. நீங்கள் போட்டது 125 கிலோ; அதில் உள்ள கந்தகம் 112 கிலோ; அது முழுதும் அமிலமானாலும் 350 கிலோ சுண்ணாம்பைத்தான், அதாவது ஏறத்தாழ பதின்மூன்றில் ஒரு பங்கைத்தான் கரைத்திருக்கும். மீதி 250 கிலோவை வாங்கிப் போட்டிருந்தாலும் கால் பங்கைத் தாண்டியிருக்காது. ஆகவே நிலம் முழுவதையும் மாற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

தண்ணீரையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு மாவுக்கு 5 செ.மீ. உயரம் பாய்ச்சினால் 67,000 லிட்டர். ஆர்.எஸ்.சி. 4 உள்ள நீர், லிட்டருக்கு 200 மில்லி கிராம் சுண்ணாம்புக்குச் சமமான காரத்தைக் கொண்டுவருகிறது. ஒரு பாய்ச்சலுக்கு அது 13 கிலோவுக்கு மேல். அதை முறிக்கவே 4.3 கிலோ கந்தகம் வேண்டும். ஆண்டுக்கு இருபது பாய்ச்சல் என்றால் 86 கிலோ. நீங்கள் கையால் போடுவதைப் போர் தண்ணீர் கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. மேட்டூர் திறந்து ஆற்றுத் தண்ணீர் கிடைக்கும் மாதங்களில் அதையே பாய்ச்சுங்கள்.

எலுமிச்சைக்குச் செய்யக்கூடியது குழி மட்டும். 6 மீட்டர் இடைவெளியில் உங்களுக்கு 37 குழி வரும். 60 செ.மீ. சதுரக் குழியில் மேல் 30 செ.மீ. மண் ஏறத்தாழ 150 கிலோ. அதில் சுண்ணாம்பு 2.25 கிலோ. அதற்குக் கந்தகம் 720 கிராம். 90 சதவீதப் பொருளாக 800 கிராம். 37 குழிக்கும் 30 கிலோ போதும். ஆனால் இது சுண்ணாம்பைத் தீர்க்கும் அளவுதான். அதன்பிறகு 6.5 வரை இறக்குவது வேறு செலவு, அதற்கு நான் அவசரப்பட மாட்டேன். இளம் வேர் இருக்கும் இடத்தில் 7.5-க்குக் கீழே வந்தாலே, இலை வெளுக்காமல் காக்கும் இரும்பு கிடைக்கும் நிலை மாறிவிடும்.

காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊர் வெப்பத்தில், மாவாக அரைத்த கந்தகத் தூள் ஈரமும் காற்றும் உள்ள மண்ணில் பெரும்பாலும் 10 முதல் 12 வாரத்தில் அமிலமாகும். குருணை, ஈரத்தில் ஊறி உப்பிப் பிறகே உடையும். காய்ந்த மண்ணில் அது ஓராண்டும் அப்படியே கிடக்கலாம். எனவே தூளாக வாங்குங்கள். கண்ணில் படாமலும், காற்று வீசாத நேரத்திலும், நெருப்பு அண்டாமலும் கையாளுங்கள். கந்தகத் தூள் எளிதில் தீப்பிடிக்கும். தோண்டிய மண்ணோடு தூளையும் மக்கிய தொழுவுரத்தையும் கலந்து வைகாசியில் குழியை நிரப்பி, எட்டுப் பத்து நாளுக்கு ஒருமுறை ஈரமாக்குங்கள், தேங்கவிடாதீர்கள். புரட்டாசியில் நடுவதற்கு முன் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டு, உண்டான உப்பைக் கீழே இறக்குங்கள். கன்று நட்ட பிறகு வேரின் மேல் புதுக் கந்தகத்தைக் கொட்டக் கூடாது. அமிலம் அங்கேயே உண்டாகி வேரைச் சுடும்.

இப்போதே இதை நம்பாமல் ஒரு சோதனையும் செய்யலாம். ஒரு கிலோ மண்ணுக்கு ஒரு கிராம் என்பது ஒரு மாவுக்கு 300 கிலோ. நான்கு டப்பாவில் ஒரு கிலோ மண் போட்டு, 0, 2, 5, 7 கிராம் தூள் கலந்து, பிடித்தால் உருண்டையாகும் ஈரத்தில் பன்னிரண்டு வாரம் வைத்து, நான்கின் பி.எச்.சையும் பாருங்கள். உங்கள் மண் சொல்வதே கடைசிக் கணக்கு.

வெண்ணாற்று வயல் எழுதியது:

சோடியம் 9 சதவீதம்தானே, 15-க்குக் கீழே இருப்பதால் களர் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் களிமண்ணில் 9 சதவீதமே மேல் மண்ணை இறுக்கிவிடும் என்று நான் நினைக்கிறேன். இந்த ஆர்.எஸ்.சி. 4 தண்ணீர் தொடர்ந்தால் சோடியம் ஏறத்தானே செய்யும்?

மண்வாசகர் எழுதியது:

ஏறும். அந்த அளவுக்கு மறுப்பில்லை. சுண்ணாம்பு உள்ள மண்ணில் கந்தகமே ஜிப்சமாக மாறும். ஒரு கிலோ கந்தகம் 5.4 கிலோ ஜிப்சத்துக்குச் சமம். ஆனால் உடனே வேண்டுமானால் ஜிப்சத்தைப் பாய்ச்சும் நீரில் கரையும்படி வைப்பது விரைவு. 9 சதவீதத்தில் இந்த மண்ணுக்கு அது தேவையா என்பதை, நீர் இறங்கும் வேகத்தை அளக்காமல் நான் சொல்லத் துணியமாட்டேன்.

கொள்ளிடக்கரை எழுதியது:

வெளுத்த நான்கு கன்றுகளுக்கும் லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி என்னும் இரும்பு சல்பேட்டும் ஒரு கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து இலைவழி தெளித்துவிட்டேன். புதுத் துளிர் பச்சையாக வருகிறது, பழைய இலை மாறவில்லை. நான்கு டப்பாவும் இன்று வைத்தாகிவிட்டது. வைகாசிக் குழிக்கு இந்த முடிவு வராது என்பதால், ஐந்து குழியில் மட்டும் 800 கிராம் போட்டுத் தொடங்குகிறேன்.