வழிச்சார்பா, வழிப்பற்றுக்கோடா? உரிமச் சரிபார்ப்புக் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

கயல்விழி:
அனைவருக்கும் வணக்கம். சிறு மென்பொருள் நிறுவனங்களுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. விற்பனைக்கு அனுப்பும் முன், உள்ளே இருக்கும் திறமூலத் தொகுப்புகளின் உரிமங்களைச் சரிபார்ப்பது எப்படி என்பதே பாடம். நாமே கேட்டு நிறுவும் தொகுப்பை ‘நேர்ச்சார்பு’ என்று எழுதிவிட்டேன். அது தன் தேவைக்காக உடன் அழைத்து வரும் தொகுப்புக்குத்தான் சொல் அமையவில்லை. எடுத்துக்காட்டு, 2021 மார்ச்சில் ரூபி மொழியில் எழுதுவோர் பலரைப் பாதித்த நிகழ்வு. ரூபியின் வலைச்சட்டகமான ரெயில்ஸைப் பயன்படுத்தியவர்களின், நிறுவிய தொகுப்புகளைப் பட்டியலிடும் `Gemfile.lock` கோப்பில் இவ்வரிகள் இருந்தன:

```
marcel (0.3.3)
  mimemagic (~> 0.3.2)
mimemagic (0.3.5)
```

ரெயில்ஸ் `marcel`-ஐக் கேட்டது. `marcel` `mimemagic`-ஐக் கேட்டது. `mimemagic` தன்னைக் கட்டுப்பாடு குறைந்த எம்.ஐ.டி. உரிமத்தில் உள்ளதாக அறிவித்திருந்தாலும், அதனுள் இருந்த கோப்புவகைப் பட்டியல் ஜி.பி.எல். உரிமத்தில் வெளியான `shared-mime-info` திட்டத்துக்கு உரியது. இது சுட்டிக்காட்டப்பட்டதும் `mimemagic`-ஐப் பராமரித்தவர் பழைய பதிப்புகளை விலக்கிக்கொண்டு, புதியதை ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிட்டார். பலருக்கு நிறுவலே நின்றுபோனது. இப்படி நாம் கேட்காமலே வந்து சேரும் தொகுப்பை என்னவென்று அழைப்பது? ‘வழிச்சார்பு’ எனலாமா?

சொக்கலிங்கம்:
நூலை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பகுக்கும் நன்னூல். வழித்தோன்றல் என்பதிலும் ‘வழி’ ஒன்றிலிருந்து ஒன்று தொடர்வதையே குறிக்கிறது. அந்தப் பாதி பொருந்தும். ‘சார்பு’தான் இடிக்கிறது. சார்பெழுத்து என்பது பிறிதொன்றைச் சார்ந்து வருவது. குற்றியலுகரம் வல்லின மெய்யின்மேல் ஏறி வருகிறதே தவிர, அம்மெய்யை யாரும் சார்பெழுத்து என்பதில்லை. அவ்வாறே உங்கள் நிரல்தான் சார்ந்து நிற்பது; தொகுப்பு அதற்குப் பற்றுக்கோடு. ஆகவே ‘வழிப்பற்றுக்கோடு’ என்பதே இலக்கணத்துக்கு இசைவானது.

அருள்:
ஐயா, பற்றுக்கோடு என்றால் எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் விளங்காது. ‘டிபென்டென்சி’ என்றே எழுதலாம். மேலும், விற்கும் பொருளில் ஜி.பி.எல். இருக்கவே கூடாது என்பதால், பட்டியலில் அது தென்பட்டால் நீக்கிவிடுங்கள் என்று ஒரே வரியில் பாடத்தை முடித்துவிடலாமே.

மெய்யப்பன்:
அருள், ஜி.பி.எல். விற்பனையைத் தடுப்பதில்லை. அந்நிரலோடு இணைத்து உருவாக்கியதைப் பிறரிடம் கொடுக்கும்போது, முழுமைக்கும் மூலநிரலை அதே உரிமத்தில் தர வேண்டும் என்கிறது; மூடிய மென்பொருளை விற்பவருக்கு இடர் அங்கேதான். உங்கள் வழங்கியில் மட்டும் ஓடி, பயனர் உலாவியில் பயன்படுத்துவதாயின் ஜி.பி.எல். அதைக் கேட்பதில்லை, அதன் வேறு வடிவமான ஏ.ஜி.பி.எல். உரிமமுள்ள நிரலை நீங்கள் மாற்றி அமைத்திருந்தால் அவ்வுரிமம் கேட்கும். ஆகவே பொருள் வாடிக்கையாளரின் கணினிக்குப் போகிறதா என்பதே முதற்கேள்வி.

கயல்விழி, உங்கள் எடுத்துக்காட்டில் இன்னொன்றையும் விரித்து எழுத வேண்டும். தொகுப்பு அறிவித்துள்ள உரிமத்தை மட்டும் படிக்கும் கருவி, அன்று `mimemagic`-க்கு எம்.ஐ.டி. என்றுதான் விடை தந்திருக்கும். ஜி.பி.எல். குறிப்போ உள்ளே இருந்த `freedesktop.org.xml` கோப்பின் தொடக்கத்திலேயே இருந்தது. கோப்புகளைத் திறந்து படிக்கும் ஸ்கேன்கோட் போன்ற கருவிக்குத்தான் இத்தகையது அகப்படும். இரண்டின் விடையும் முரண்படும் இடத்தில் ஒருவர் உட்கார்ந்து படித்தாக வேண்டும். தீர்வும் மேலிருந்தே வந்தது: `marcel` 1.0 அந்தப் பட்டியலைக் கைவிட்டு அப்பாச்சி டீக்காவின் தரவுக்கு மாறியது, ரெயில்ஸும் 6.0.3.6 முதலிய பதிப்புகளில் அதை ஏற்றது.

சொல்லைப் பொறுத்தவரை ‘வழிச்சார்பு’ போதும். எத்தனை படி ஆழத்தில் இருந்தாலும் அது பொருந்தும். ‘இரண்டாம்நிலைச் சார்பு’ என்றால் மூன்றாம் படியில் தடுமாறுவோம்.

தர்சினி:
நாங்கள் யாழ்ப்பாணத்தில் செய்யும் செயலியில் எழுத்துருக்களுக்கான திறந்த உரிமமாகிய ஓ.எஃப்.எல். உள்ள தமிழ் எழுத்துரு ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். அதுவும் வழிச்சார்புதானா?

மெய்யப்பன்:
இல்லை அம்மா, நீங்களே கொண்டுவந்து வைத்ததால் அது நேரானது. செயலியோடு சேர்த்து விற்கலாம். எழுத்துருவைத் தனியே விற்கக் கூடாது. ஆனால் கையால் நகலெடுத்து வைத்ததாயின் அது எந்த `lock` கோப்பிலும் வராது; உரிமப் பட்டியலில் நீங்களே எழுதிச் சேர்க்க வேண்டும், உரிம வாசகத்தையும் உடன் வைக்க வேண்டும்.

கயல்விழி:
நன்றி. மெய்யப்பன் சொன்னபடி ‘வழிச்சார்பு’ என்று எழுதுகிறேன். சொற்பட்டியலில் ‘டிபென்டென்சி’ என்பதையும் எதிரே தருகிறேன். முரண்பட்ட உரிமங்களைப் பற்றிய பகுதியை எடுத்துக்காட்டுக்குப் பின் சேர்த்துவிட்டேன்.

சொக்கலிங்கம்:
அச்சுக்கு நாளில்லை என்பதால் தடுக்கவில்லை, உடன்படவும் இல்லை. சார்வது எது, சாரப்படுவது எது என்று மாணவர் குழம்புவாராயின், அடுத்த பதிப்பிலேனும் ‘பற்றுக்கோடு’ என்பதைக் கருதுங்கள்.