காபி கடைக்கு பில்லிங் மென்பொருள்: வரி அமைப்பில் உதவி தேவை

வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஆறு மேசை போட்டு சின்னதாக ஒரு காபி கடை நடத்துகிறோம். பில்லிங் மென்பொருள் ஒன்றைச் சோதனைக்கு ஏற்றிப் பார்த்தேன். எங்கள் விலைப்பலகையில் ஃபில்டர் காபி 40 ரூபாய், 5% வரியும் சேர்த்து. பில்லிலோ 42 வருகிறது. 40-க்கு மேல் வரி போடுகிறது. சரியாக அமைத்தால் விலை 38.10, CGST 0.95, SGST 0.95 என்று பிரிந்து 40-லேயே நிற்க வேண்டும். வாடிக்கையாளரிடம் கூடுதலாக இரண்டு ரூபாய் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், யூனியன் பிரதேசம் என்பதால் UTGST என்று அச்சாகிறது. புதுச்சேரிக்குச் சட்டமன்றம் இருப்பதால் SGST-தான் வர வேண்டும்.

ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ‘வரி உட்பட’ என்று குறிக்க முடிகிற, நெட் போனாலும் பில் அடிக்கிற மென்பொருளை இங்கே யாராவது பயன்படுத்துகிறீர்களா? வருடச் சந்தா எவ்வளவு ஆகிறது?