புதுப்பிப்பு: தீபாவளி மிக்சி

"ஆன்லைனில் மிக்சி பாதி விலை என்று போட்டிருக்கிறது, கேஷ்பேக்கும் உண்டாம். வாங்கலாமா?" (முன்பு நான் கேட்டது)

காரைக்குடி அண்ணன் ஒருவர் சொன்னபடி பழைய விலை காட்டும் ஆப்பில் பார்த்தேன். எம்.ஆர்.பி. 6,998, சலுகை விலை 3,499. ஆனால் ஆகஸ்டில் அதே மாடல் 3,299-தான். சலுகைக்கு முந்தைய வாரம் 3,899 ஆக ஏற்றி, அப்புறம் இறக்கியிருக்கிறார்கள்.

"கேஷ்பேக் கழித்தால் லாபம்தானே?" என்றார் இன்னொருவர். 3 சதவீதம் என்றால் 105 ரூபாய்; ஆகஸ்ட் விலைக்கு வராது. ரிட்டர்ன் காலம் முடிந்துதான் அதுவும் உறுதியாகும். கேஷ்பேக் லிங்க் வழியாகப் போய்விட்டு, நடுவில் விலை ஒப்பிடும் ஆப்பின் லிங்க்கைத் தட்டினால், வாங்கியது பெரும்பாலும் கடைசியாகத் தட்டிய லிங்க்கின் கணக்கில்தான் சேரும்; கேஷ்பேக் வராமல் போகலாம். அதனால் ஒப்பீடு முதலில், கேஷ்பேக் லிங்க் கடைசியில்.

தேவகோட்டை அக்கா பட்டுச்சேலைக்குக் கேட்டிருந்தார். மாடல் எண் இல்லாத பொருளுக்கு இந்தப் பழைய விலை பார்ப்பது எடுபடாது, அக்கா.

செக்காலை ரோட்டுக் கடையில் 3,400 சொல்கிறார்கள். அப்பா இன்னும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.