ஒயில் மாற்றியபின் பாரம் தானாக இறங்குகிறது: வோர்ம் கியர் பூட்டிக்கொள்ளாதா?

பரந்தன் ஆலை

பரந்தனுக்குப் பக்கத்தில் சிறிய அரிசி ஆலை நடத்துகிறேன். கீழிருந்து மேல்தட்டுக்கு நெல் மூட்டை ஏற்ற ஒரு பாரந்தூக்கி பொருத்தியிருக்கிறோம். ஒரு தடவைக்கு 60 கிலோ மூட்டை நான்கு. தட்டோடு சேர்த்து 280 கிலோ. கம்பி சுற்றும் உருளையின் விட்டம் 200 மி.மீ. மோட்டார் 1.5 கிலோவாட், 1440 சுற்று. பழைய இரும்புச் சாமான் கடையில் வாங்கிய 60க்கு 1 வோர்ம் கியர்ப் பெட்டி. வோர்ம் கியர் பின்னோக்கிச் சுழலாது என்று சொன்னதால் பிரேக் எதுவும் போடவில்லை.

இரண்டு வருடம் பாரம் நின்ற இடத்தில் நின்றது. ஆனால் பெரும்போக அறுவடைக் காலத்தில் பெட்டி கை வைக்க முடியாமல் சுடும். வெப்பமானியில் 95 பாகை வரை பார்த்தேன். லொறி டிபரன்சலுக்கு ஊற்றும் 140 ஒயில்தான் அதில் இருந்தது. கொழும்பிலிருந்து பொலிகிளைகோல் என்ற சிந்தெற்றிக் ஒயில், 460 தடிப்பு, எடுப்பித்து ஊற்றினேன். சூடு 70க்கு இறங்கியது. மின்னோட்டமும் 3.6 அம்பியரிலிருந்து 2.9க்கு வந்தது. மோட்டாரின் பெயர்த்தகட்டில் 3.4 என்று இருக்கிறது.

பிரச்சினை இனித்தான். போன வாரம் பாரத்தோடு தட்டை மேலே நிறுத்தியிருந்தோம். பக்கத்தில் குற்றும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தட்டு முதலில் மெல்ல மெல்ல இறங்கியது. பிறகு திடீரென்று வேகம் பிடித்து இரண்டு அடி விழுந்து நின்றது. ஒருவருக்கும் அடிபடவில்லை. ஒயில் பிழையா? பெட்டி பழுதா? பெரிய பெட்டி வாங்க வேண்டுமா?

கிளிநொச்சி வைண்டிங்

அண்ணை, விடை உங்கள் கையிலேயே இருக்கிறது. பழைய ஒயிலில் பூட்டியது, புதிய ஒயிலில் பூட்டவில்லை. சிந்தெற்றிக் ஒயில் வழுக்கும். அதை இறக்கிவிட்டு 140 ஒயிலையே திரும்ப ஊற்றுங்கள். சூட்டுக்குப் பெட்டியின் மேல் ஒரு மின்விசிறி பிடித்தால் போதும். 60க்கு 1 பெட்டி கட்டாயம் பூட்டும்.

குளத்தடி

எங்கள் குளத்தின் மதகுக் கதவும் வோர்ம் கியரில்தான் ஏறி இறங்குகிறது. கைப்பிடியால் சுற்றுவோம். கையை எடுத்தால் அப்படியே நிற்கும். நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு அங்குலமும் தானாக இறங்கியதில்லை. கிறீஸ் மட்டும்தான் பூசுகிறோம். நீங்களும் ஒயிலுக்குப் பதிலாகக் கிறீஸ் போட்டுப் பார்க்கலாமே?

வவுனியா பட்டறை

தம்பி, முதலில் ஒன்று. இந்தப் பதிலை முழுதாக வாசிக்கும் வரைக்கும் அந்தத் தூக்கியை ஓட்டாதீர்கள். தட்டுக்குக் கீழே ஒருவரும் நிற்க வேண்டாம்.

வைண்டிங் தம்பி சொன்னதில் பாதி சரி. மாறியது ஒயில்தான். ஆனால் பழைய ஒயில் தந்த பூட்டும் பழைய ஒயில் தந்த சூடும் ஒரே உராய்விலிருந்து வந்தவை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அகற்ற முடியாது.

பெட்டியின் மேல்மூடியைக் கழற்றி மூன்று விடயங்கள் பார்த்துச் சொல்லுங்கள். வோர்மின் நடு விட்டம் எவ்வளவு? வோர்மை ஒரு சுற்றுச் சுற்றினால் அதன் புரி எத்தனை மி.மீ. முன்னே நகர்கிறது? வெண்கலச் சில்லில் எத்தனை பற்கள்? இறக்கிய ஒயிலை வைத்திருந்தால் அதையும் ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள்.

பரந்தன் ஆலை

ஐயா, பார்த்தேன். வோர்ம் நடுவில் 40 மி.மீ. ஒரு சுற்றுக்கு 6.3 மி.மீ. நகர்கிறது. பற்கள் 60. இரண்டு தண்டுகளுக்கும் இடையில் 80 மி.மீ. துணியில் ஒயில் வடிந்தபின் பொன்னிறத் தூள் மின்னுகிறது.

வவுனியா பட்டறை

நன்றி. இனிக் கணக்கு இலகு.

வோர்மின் புரியை விரித்துப் போட்டால் அது ஒரு சரிவுப் பாதை. 40 மி.மீ. விட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 126 மி.மீ. அந்தத் தூரத்தில் 6.3 மி.மீ. ஏறுகிறது. அதாவது 20க்கு 1 சரிவு. பாரம் அந்தச் சரிவில் கீழே சறுக்கப் பார்க்கிறது. உராய்வுக் குணகம் 0.05ஐ விடக் கூடுதலாக இருந்தால் நிற்கும், குறைந்தால் சறுக்கும். பூட்டைத் தீர்மானிப்பது இந்தச் சரிவுதான். 60க்கு 1 என்ற எண்ணை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

நின்ற நிலையில் வெண்கலத்துக்கும் உருக்குக்கும் இடையே உராய்வு 0.1க்கு அருகில் இருக்கும். அதனால் நிறுத்திய பாரம் நிற்கிறது. ஓடும்போது பற்களுக்கிடையே ஒயில் படலம் நுழைந்துவிடும். உராய்வு பாதிக்கும் கீழே போகலாம். உங்கள் இரண்டு அடி விழுகைக்கு அதுதான் காரணம். குற்றும் இயந்திரத்தின் அதிர்வு, நின்ற பற்களைத் துளித் துளியாக நகர்த்தியது. நகரத் தொடங்கியதும் படலம் உண்டானது, உராய்வு விழுந்தது, வேகம் கூடியது. வேகம் கூட உராய்வு இன்னும் குறையும். இரண்டு அடியில் நின்றதை அதிர்ஷ்டம் என்றே எடுங்கள்.

குளத்தடிக்காரரின் கதவு நிற்பதற்கும் இதே விளக்கம். கைச் சுற்றின் வேகத்தில் படலம் உருவாகாது. பக்கத்தில் அதிரும் இயந்திரமும் இல்லை. அந்த அனுபவம் அங்கே உண்மை. மோட்டார்த் தூக்கிக்குப் பொருந்தாது. 1440 சுற்றில் கிறீஸ் பல்லிலிருந்து வீசப்பட்டு ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். சூட்டைப் பெட்டியின் சுவருக்குக் கொண்டுபோகாது.

இனிச் சூடு. 280 கிலோவை உங்கள் வேகத்தில், நிமிடத்துக்கு 15 மீற்றர், தூக்க ஏறத்தாழ 690 வாட் போதும். பழைய ஒயிலில் மோட்டார் பெயர்த்தகட்டைத் தாண்டி மின்னோட்டம் எடுத்தது, ஆகவே 1.6 கிலோவாட் அளவில் கொடுத்திருக்கிறது. மிச்சம் 900 வாட்டும் பெட்டிக்குள் வெப்பமாயிற்று. வினைத்திறன் 43 வீதம். புதிய ஒயிலில் 1.2 கிலோவாட், வெப்பம் 500 வாட், வினைத்திறன் 58 வீதம். 80 மி.மீ. பெட்டி ஒன்று, காற்றை விட ஒரு பாகை கூடுதலாகச் சுடுவதற்கு 4 வாட்டை வெளியேற்றும் என்று வைக்கலாம். நேரத்தில் கால்வாசி பாரம் ஏற்றினால் பழைய ஒயிலில் சராசரி 225 வாட். வன்னி வெயிலில் 35 பாகையோடு கூட்டினால் 90ஐத் தாண்டும். உங்கள் வெப்பமானி சரியாகத்தான் காட்டியிருக்கிறது.

ஒன்றை மனத்தில் வையுங்கள்: ஓட்டத்தில் 50 வீதத்தை மிஞ்சிய வினைத்திறன் உள்ள வோர்ம் கியர், ஓட்டத்தில் பூட்டாது. 43இல் பூட்டியது, 58இல் பூட்டவில்லை. பெட்டி பழுதாகி இது நடக்கவில்லை.

கிளிநொச்சி வைண்டிங்

அப்படியென்றால் 43க்குத் திரும்பினால் என்ன, ஐயா? சூடு பரவாயில்லை என்று இரண்டு வருடம் ஓடியதே.

வவுனியா பட்டறை

அந்த இரண்டு வருடத்தின் விலைதான் துணியில் மின்னும் பொன் தூள். டிபரன்சல் ஒயிலில் சேர்க்கும் கந்தகச் சேர்மங்கள் உருக்குப் பல்லுக்கு நல்லவை. 90 பாகைக்கு மேல் அவை வெண்கலத்தை அரிக்கும். அதோடு பல் தேய்ந்து மினுக்கமாகும்போது அதே ஒயிலிலும் உராய்வு குறையும். இன்று பூட்டும் பெட்டி அடுத்த போகத்தில் பூட்டாமல் விடலாம். அந்த நாளை முன்கூட்டி அறிய வழியில்லை.

ஆகவே பூட்டும் வேலையைக் கியரிடமிருந்து எடுத்துப் பிரேக்கிடம் கொடுங்கள். மோட்டாரின் பின்பக்கம் பொருத்தும் வில் பிரேக் வேண்டும். மின்சாரம் வந்தால் விடும், போனால் பிடிக்கும். மின் தடை வந்தாலும் தட்டு நிற்கும். கணக்குப் போடும்போது கியரின் உராய்வை உதவிக்குச் சேர்க்காதீர்கள். உருளையில் 275 நியூற்றன் மீற்றர் முறுக்கம். அதை 60ஆல் வகுத்தால் 4.6. இருமடங்கு வைத்து 10 நியூற்றன் மீற்றருக்குக் குறையாத பிரேக் எடுங்கள்.

புதுப் பெட்டி வாங்கும் நாள் வந்தால் பூட்டுமா என்று கேட்காதீர்கள். பிரேக் இருக்கும்போது பூட்டாத பெட்டிதான் நல்லது. 30க்கு 1, இரட்டைப் புரி, 960 சுற்று மோட்டார் என்றால் வினைத்திறன் 75 வீதத்துக்கு அருகே வரும். மூட்டையும் விரைவாக ஏறும். அப்போது மோட்டார்ப் பக்கம் முறுக்கம் இருமடங்காகும். பிரேக்கும் 20 ஆக வேண்டும்.

பரந்தன் ஆலை

பிரேக் மோட்டாருக்குச் சொல்லிவிட்டேன், ஐயா. ஒன்று மறைக்க விருப்பமில்லை. வேலையாட்கள் சில நேரம் மூட்டையோடு தட்டில் ஏறி மேலே போகிறார்கள். பிரேக் வந்தபின் அது பரவாயில்லையா?

வவுனியா பட்டறை

இல்லை. ஒருநாளும் வேண்டாம். பிரேக் மோட்டாரைத்தான் பிடிக்கிறது. மோட்டாருக்கும் உருளைக்கும் நடுவில் இருப்பது அந்த வெண்கலப் பல். பல் உரிந்தால் பிரேக் பிடித்தபடியே இருக்கும், தட்டு விழும். ஆளேற்றும் தூக்கிக்குரிய பாதுகாப்பு எதுவும் இதில் இல்லை.

அதனால்தான் அந்தத் தூள் எனக்குக் கவலை தருகிறது. தட்டைத் தரையில் வைத்து, கம்பியைத் தளர்த்தி, மோட்டார்த் தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, உருளையைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். விளிம்பில் எத்தனை மி.மீ. ஆடுகிறது?

பரந்தன் ஆலை

இரண்டரை மி.மீ.

வவுனியா பட்டறை

உருளையின் ஆரை 100. சில்லின் ஆரை 60. ஆகவே பல்லில் ஒன்றரை மி.மீ. ஆட்டம். உங்கள் சில்லின் பல் புதிதில் 3.1 மி.மீ. தடிப்புத்தான். முழு ஆட்டமும் பல்லில் என்றால் பாதிப் பல் போய்விட்டது. பிரேக் வந்தாலும் அந்தச் சில்லில் பாரம் ஏற்றக்கூடாது.

முள்ளியவளை கடைசல்

ஐயா, ஒரு சந்தேகம். முழுவதையும் பல்லின் மேல் போட முடியுமா? பழைய பெட்டிகளில் சில்லுக்கும் தண்டுக்கும் இடையே உள்ள கீ தளர்ந்திருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கீயில் அரை மி.மீ. ஆட்டம் இருந்தாலே உருளை விளிம்பில் பெரிதாகத் தெரியும். அண்ணை, மூடியைத் திறந்து, ஒருவர் உருளையை அசைக்கும்போது சில்லைப் பாருங்கள். உருளை அசைந்து சில்லு அசையாவிட்டால் கீ. சில்லும் சேர்ந்து ஆடினால் பல். வெண்கல வளையத்தைப் புதிதாக வார்த்துப் பல் வெட்டலாம். ஆனால் வோர்மின் அளவோடு ஒத்துவராவிட்டால் முதல் வாரத்திலேயே தேய்ந்துவிடும். என் பட்டறையில் அந்த வெட்டு வசதி இல்லை.

வவுனியா பட்டறை

நல்ல கேள்வி. கீயும் இருக்கலாம். தூள் இருப்பதால் பல்லும் கட்டாயம் தேய்ந்திருக்கும். எவ்வளவு என்பதை இந்தச் சோதனை பிரித்துக் காட்டும்.

பரந்தன் ஆலை

ஞாயிறு ஆலை ஓடாது. அன்று திறந்து பார்த்து எழுதுகிறேன். அதுவரை மூட்டைகள் படியால் தோளில் ஏறுகின்றன. தூக்கியின் மின்கம்பியைக் கழற்றிவிட்டேன்.